ஸ்கிரீன்ஷாட் பிசாசுகள்

ஒரு நாற்கரத்தின் படம். நாலு பக்கத்திலும் நாலு எண்: AB = 9, BC = 12, CD = 8, DA = 17. படத்துக்கு மேலே ஒரு வரி கிடையாது, கீழேயும் கிடையாது. யாரோ எங்கிருந்தோ படத்தை மட்டும் கத்தரித்து எடுத்து, "மச்சி, இதுக்கு ஏரியாவும் பெரிமீட்டரும் சொல்லுடா" என்று வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டுப் போயிருப்பார். ஐந்தே நிமிடத்தில் மூன்று பேர் மூன்று விடை போட்டிருப்பார்கள். அதற்கப்புறம் ராத்திரி பதினொரு மணி வரை எது சரி என்று சண்டை நடக்கும்.

மூன்றுமே தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. விடை தப்பு என்பதைவிட, விடை சொன்னதே தப்பு. அந்தக் கேள்விக்குப் பாதி விடைதான் உண்டு. சுற்றளவு 46. பரப்பளவு? அந்தப் படத்தில் அது இல்லை. மறைந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே இல்லை.

இப்படிச் சொன்னால் "பெரிய மேதாவி வந்துட்டாரு" என்பீர்கள். நான் முதல் ஆள் இல்லை சாமி. இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதியிலேயே இந்த விஷயத்துக்குத் திட்டு இருக்கிறது. ஒரு மூலைவிட்டமோ ஒரு செங்குத்தோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பளவைக் கேட்கிற ஆளை அவர் பிசாசு என்கிறார். அதற்கு உட்கார்ந்து விடை சொல்கிற ஆள் அவனைவிட மோசம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஸ்கிரீன்ஷாட் வருவதற்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாலேயே மனிதர் நம்ம குரூப்பைப் பார்த்துவிட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஏன் முடியாது?

ஒரு தீப்பெட்டியை எடுங்கள். குச்சி இருக்கும் தட்டை வெளியே தள்ளிவிட்டு மேலுறையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் ஒரு செவ்வகம். இரண்டு எதிர் மூலைகளை விரலால் மெதுவாக அழுத்துங்கள். செவ்வகம் சாய்ந்து இணைகரம் ஆகும். இன்னும் அழுத்தினால் சப்பையாகி இரண்டு அட்டையும் ஒட்டிக்கொள்ளும். இந்த நேரம் முழுக்க நாலு பக்கத்தின் நீளமும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. சுற்றளவும் மாறவில்லை. ஆனால் பரப்பளவு முழுசாக இருந்து பூஜ்யம் வரை இறங்கிவிட்டது. நாலு பக்கம் மட்டும் தெரிந்த நாற்கரம் என்பது இந்த மேலுறைதான். கையில் நிற்காது, ஆடும்.

முக்கோணம் ஆடாது. மூன்று குச்சியை முனையோடு முனை கட்டிவிட்டால் அது கெட்டியாக நிற்கும். அதனால்தான் மூன்று பக்கம் தெரிந்தாலே ஹெரான் சூத்திரத்தைப் போட்டு முக்கோணத்தின் பரப்பளவைச் சொல்ல முடிகிறது. முக்கோணத்தில் பழகிய கை நாற்கரத்திலும் அதே வேலையைச் செய்யப் பார்க்கிறது. நம்ம ஆட்கள் சறுக்குகிற இடம் இதுதான்.

எத்தனை அளவு இருந்தால் படம் ஆடாமல் நிற்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. முதல் இரண்டு புள்ளியை வைக்க ஒரு அளவு போதும், அவற்றுக்கு இடையே உள்ள தூரம். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் புள்ளிக்கும் இரண்டு அளவு வேண்டும். ஆக முக்கோணத்துக்கு மூன்று, நாற்கரத்துக்கு ஐந்து, ஐங்கோணத்துக்கு ஏழு. நம்ம ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது நாலு. ஒன்று குறைகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இப்போது அந்த மூன்று விடைக்கு வருவோம்.

முதல் ஆள் சொன்னது 123.25. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, வந்த இரண்டையும் பெருக்கியிருக்கிறார்.

(9 + 8)/2 × (12 + 17)/2 = 8.5 × 14.5 = 123.25

இரண்டாவது ஆள் கொஞ்சம் படித்தவர். பிரம்மகுப்தர் சூத்திரத்தைப் போட்டார். பக்கங்களின் கூட்டலில் பாதி s = 23. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 14, 11, 15, 6.

√(14 × 11 × 15 × 6) = √13860 ≈ 117.7

மூன்றாவது ஆள் 114 என்றார். எப்படி என்று கேட்டால், "B-ல 90 டிகிரி மாதிரி இருக்கு, அதான்".

முதலில் இந்த மூன்றாவது ஆளை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கடைசியில் அவர்தான் ஜெயித்தார். ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ மூலப் பக்கத்தைத் தேடி எடுத்துப் போட்டார்கள். படத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது: கோணம் B = 90°. ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் வெட்டி எறிந்தது அந்த வரியைத்தான். உடனே மூன்றாமவர் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அதில் தூக்க ஒன்றுமில்லை. "மாதிரி இருக்கு" என்பது அளவு ஆகாது. அதே படத்தில் அதே நாலு பக்கத்தை வைத்துக்கொண்டு செங்கோணத்தை மட்டும் மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள்.

A-ல் 90° என்றால் பரப்பளவு சுமார் 102.3
B-ல் 90° என்றால் 114
C-ல் 90° என்றால் சுமார் 112.9
D-ல் 90° என்றால் சுமார் 111.5

நாலு மூலைக்கும் நாலு விடை. நாலும் வரைய முடிகிற நிஜமான நாற்கரங்கள். செங்கோணமே இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ. எந்த மூலையும் உள்ளே மடங்காமல் பார்த்துக்கொண்டாலும், இந்த நாலு பக்கத்துக்கும் பரப்பளவு 64.3-க்குக் கொஞ்சம் மேலிருந்து 117.7 வரை எதுவாகவும் இருக்கலாம். கீழ் எல்லை எங்கிருந்து வருகிறது? B-ஐ விரித்துக்கொண்டே போனால் A, B, C மூன்றும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடும். அப்போது AC = 21. மிச்சம் இருப்பது 21, 8, 17 பக்கமுள்ள ஒரு முக்கோணம். அதன் பரப்பளவுதான் 64.3.

மேல் எல்லை 117.7. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதா? ஆமாம், இரண்டாவது ஆளின் விடை அதுதான். பிரம்மகுப்தர் 628-ல் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் வரும் சூத்திரம் இது. நாலு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் உட்காரும் வட்ட நாற்கரத்துக்கு மட்டுமே அது சரியாக வரும். ஒரே நாலு பக்கத்தை வைத்துச் செய்யக்கூடிய நாற்கரங்களில் மிக அதிகப் பரப்பளவு உள்ளது அந்த வட்ட நாற்கரம்தான். ஆக இரண்டாவது ஆள் கண்டுபிடித்தது "இதற்கு மேல் போக முடியாது" என்கிற எல்லையை. அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பேன். அவர் விடை என்று சொல்லிவிட்டார்.

இப்போது முதல் ஆளின் 123.25-ஐப் பாருங்கள். எல்லையே 117.7 என்றால் 123.25 எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு நாற்கரம் இந்த உலகத்திலேயே கிடையாது. குச்சிகளை எப்படி வளைத்து நெளித்து வைத்தாலும் அவ்வளவு இடத்தை அடைக்க முடியாது. சராசரி முறையின் குணமே இதுதான். அது எப்போதும் கூட்டித்தான் காட்டும். செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும். வேறு எந்த நாற்கரமானாலும் நிஜத்தைவிட அதிகம்.

காரணமும் கஷ்டமில்லை. ஒரு முக்கோணத்தின் பரப்பளவு, அதன் இரண்டு பக்கங்களின் பெருக்கலில் பாதியைத் தாண்டாது. அந்த இரண்டும் செங்கோணத்தில் நின்றால் சரியாகப் பாதி, சாய்ந்தால் அதைவிடக் குறைவு. நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால் இரண்டு முக்கோணம், இன்னொரு மூலைவிட்டத்தால் வெட்டினால் வேறு இரண்டு. நாலையும் கூட்டினால் நாற்கரத்தைப் போல இரண்டு மடங்கு. நாலுக்கும் அந்த "பாதி" விதியைப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். சராசரிச் சூத்திரம்தான் உச்ச வரம்பாக வந்து நிற்கும். நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் ஒழிய நிஜம் அதைத் தொடாது.

"அரை மார்க் விஷயத்துக்கு ஏண்டா இவ்வளவு கத்துற?" என்று கேட்பவர்களுக்கு. இந்தச் சராசரி முறை நம் குரூப்பில் பிறந்தது இல்லை. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில், தாலமி அரசர்கள் காலத்து நிலக் கணக்குகளில் இது இருக்கிறது. பிரம்மகுப்தரும் இதைச் சொல்கிறார், ஆனால் தோராயம் என்று சொல்லிவிட்டுத்தான் சொல்கிறார். நம் ஊரில் மனையை நாலு பக்கம் மட்டும் டேப் பிடித்துப் பார்த்து, எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம்ம படத்தையே ஒரு மனையாக நினைத்துக்கொள்ளுங்கள். 90 அடி, 120 அடி, 80 அடி, 170 அடி, B மூலையில் செங்கோணம். நிஜமான பரப்பளவு 11,400 சதுர அடி. சராசரி முறையில் 12,325 சதுர அடி. வித்தியாசம் 925 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆக, இல்லாத இரண்டு சென்ட் நிலத்துக்கு வாங்குகிறவர் பணம் எண்ணிக் கொடுப்பார். தப்பு எப்போதும் அதிகப் பக்கமே சாய்வதால் லாபம் எப்போதும் விற்கிறவருக்குத்தான். சர்வேயர் நிலத்துக்குள் மூலைவிட்டமாகச் சங்கிலி பிடித்து, அதிலிருந்து மூலைகளுக்குச் செங்குத்தாகத் தூரம் எடுப்பது வேலை இல்லாமல் இல்லை. பாஸ்கரர் கேட்ட மூலைவிட்டமும் செங்குத்தும் அங்கேதான் கிடைக்கிறது.

சரி, B = 90° என்ற வரியும் கிடைத்துவிட்டது. இப்போது அளவு ஐந்து. இனி எப்படிச் செய்வது?

AC என்ற மூலைவிட்டத்தைப் போடுங்கள். முக்கோணம் ABC-யில் B செங்கோணம்.

AC² = 9² + 12² = 225, AC = 15
ABC பரப்பளவு = ½ × 9 × 12 = 54

மிச்சம் முக்கோணம் ACD. பக்கங்கள் 15, 8, 17. இங்கேதான் அடுத்த சண்டை. "C-ல செங்கோணம்னு பார்த்தாலே தெரியுதே, ½ × 15 × 8 போட்டா 60" என்று ஒருவர் சொன்னார். விடை சரி. காரணம் தப்பு. படத்தில் ACD என்ற கோணத்துக்கு எந்தக் குறியும் இல்லை. 8² + 15² = 64 + 225 = 289 = 17² என்று எழுதிக்காட்டினால் அது செங்கோணம். எழுதாதவரை அது வெறும் பார்வை. CD = 8-க்குப் பதில் 10 என்று இருந்திருந்தால் படம் ஏறக்குறைய அதே மாதிரிதான் தெரியும், ஆனால் அங்கே செங்கோணம் இருக்காது. உங்கள் ½ × 15 × 10 அப்போது பல்லைக் காட்டும். சந்தேகமாக இருந்தால் ஹெரானைப் போடுங்கள், s = 20, √(20 × 5 × 12 × 3) = 60. எந்தக் கோணத்தையும் நம்ப வேண்டியதில்லை.

மொத்தம் 54 + 60 = 114. சுற்றளவு 46. முடிந்தது.

ஸ்கிரீன்ஷாட்டில் "பார்த்தாலே தெரியுது" என்பது இன்னும் ஆபத்து. படத்தை யாராவது அகலவாக்கில் இழுத்திருப்பார்கள், அல்லது வேறு ஏதாவது ஒரு ஃபைலில் ஒட்டும்போது அதுவாகவே நசுங்கியிருக்கும். இழுத்த படத்தில் சாய்ந்த பக்கங்களுக்கு இடையே உள்ள செங்கோணம் செங்கோணமாக இருக்காது. சம பக்கங்கள் சமமாக இருக்காது. ஆனால் பக்கத்தில் எழுதிய 9-ம் 12-ம் அப்படியே இருக்கும். படத்திடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நம்பிக் கேளுங்கள்: எந்த மூலைக்கு அடுத்து எந்த மூலை, எந்த எண் எந்தப் பக்கத்துக்கு. நீளத்தையும் கோணத்தையும் எழுத்திடம் கேளுங்கள். திரையில் ஸ்கேல் வைத்து அளந்தவரும் நம்ம குரூப்பில் இருக்கிறார். அவரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எழுத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஐந்து அளவுக்கு மேல் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஐந்து அளவில் படம் நின்றுவிட்டது. ஆறாவது அளவு புதிதாக எதையும் சொல்ல முடியாது. ஒன்று ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டும். நம்ம படத்தில் D = 60° என்றும் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கொசைன் விதிப்படி

AC² = 8² + 17² − 2 × 8 × 17 × cos 60° = 353 − 136 = 217

ஆனால் B பக்கத்திலிருந்து வந்தால் AC² = 225. ஒரே மூலைவிட்டத்துக்கு இரண்டு நீளம்! அப்படி ஒரு நாற்கரம் கிடையாது. யார் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறாரோ அவருக்கு ஏற்ற மாதிரி விடை வரும், இரண்டு பேரும் தாங்கள்தான் சரி என்று சத்தியம் செய்வார்கள். நிஜமான கோணம் D சுமார் 61.9°. படத்தில் 62° என்று இருந்தால் AC² = 225.3 வரும். அது தசமத்தை முழு எண்ணாக்கியதால் வந்த சின்ன வித்தியாசம், மன்னித்துவிடலாம். 60° என்பது மன்னிக்க முடியாதது. இரண்டு வழியில் ஒரே மூலைவிட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஒரு சோதனையில் படத்தின் வண்டவாளம் தெரிந்துவிடும்.

கடைசியாக, "எக்ஸாம்ல இப்படித்தான் கேக்குறாங்க, நாம என்ன பண்றது?" என்ற வாதம். ஒழுங்காகக் கேட்ட கேள்வியில் அந்த ஐந்தாவது அளவு எங்கேயாவது இருக்கும். பல நேரம் அது எண்ணாகவே இருக்காது, ஒரு சொல்லாக இருக்கும். இதே 9, 12, 8, 17-க்கு மேலே "ABCD ஒரு சரிவகம், BC-யும் AD-யும் இணை" என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லே ஐந்தாவது அளவு. இணைப்பக்கங்களின் வித்தியாசம் 17 − 12 = 5. அப்போது 9, 8, 5 பக்கமுள்ள ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் உயரம் சுமார் 7.96, அதுதான் சரிவகத்தின் உயரமும். பரப்பளவு ½ × 29 × 7.96, அதாவது சுமார் 115.4. 114 இல்லை, கவனியுங்கள். பக்கங்கள் அதேதான், சொல் மாறியது, விடை மாறியது. "சரிவகம்" என்ற ஒரு சொல், அம்பு போட்ட இணைக்கோட்டுக் குறி, மூலையில் ஒரு குட்டிச் சதுரம், இதில் ஏதாவது ஒன்றுதான் கேள்வியின் உயிர். ஸ்கிரீன்ஷாட்டில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

ஆகவே படம் போடும் நண்பர்களே, படத்தோடு மேலே உள்ள வரியையும் சேர்த்து எடுங்கள். கொஞ்சம் அழகு குறைந்தாலும் பரவாயில்லை. விடை சொல்லும் நண்பர்களே, முதலில் அளவுகளை எண்ணுங்கள். நாலுதான் இருந்தால், "சுற்றளவு 46. பரப்பளவு 117.7-க்கு மேல் போகாது. சரியாகச் சொல்ல இன்னும் ஒரு அளவு கொடு" என்று எழுதுங்கள். அதைத் தெரியாது என்று கைவிரித்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் படத்துக்கு எழுதக்கூடிய முழு மார்க் விடையே அதுதான்.

டிஸ்கி: வீட்டுப்பாடம் ஒன்று. AB = 7, BC = 24, CD = 20, DA = 15, கோணம் B = 90°. மூலைவிட்டம் போட்டுச் செய்தால் பரப்பளவு 234. பிரம்மகுப்தர் சூத்திரத்தைப் போட்டாலும் அதே 234 வருகிறது. மேலே அவரை எல்லை என்று சொன்னேன், இங்கே எப்படி விடையாகவே வந்தார்? D-யில் என்ன கோணம் என்று கண்டுபிடித்துவிட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். "மாதிரி இருக்கு" என்று எழுதும் பின்னூட்டங்கள் தயவு தாட்சண்யமின்றி அழிக்கப்படும்.